மூச்சுத் திணறும்போது முதலில் எந்த மருந்து? ஆஸ்துமாவும் வேர்க்கடலை ஒவ்வாமையும் உள்ள மாணவிக்காக வகுப்பாசிரியைக்கு ஒரு குழந்தைநல மருத்துவரின் கடிதம்

கோத்தகிரி

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நான்காம் வகுப்பில் படிக்கும் ஒன்பது வயது மாணவியின் மருந்துப் பையை அவளுடைய அம்மா உங்களிடம் கொடுத்திருப்பார். அவளுக்கு ஆஸ்துமாவும் இருக்கிறது, வேர்க்கடலை ஒவ்வாமையும் இருக்கிறது. பள்ளி நேரத்தில் இம்மருந்துகளை நீங்கள் கொடுக்கலாம் என்று பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதலையும், நான் கையெழுத்திட்ட மருந்துச் சீட்டையும் இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இதில் நான் சொல்லும் அளவுகள் 26 கிலோ எடையுள்ள இந்த ஒரு குழந்தைக்கு மட்டுமே உரியவை; இதே நோயுள்ள வேறு பிள்ளைக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

இந்த இரண்டு நோய்களும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஆஸ்துமாவிலும் இருமலும் இளைப்பும் வரும், கடுமையான ஒவ்வாமையிலும் அதே இருமலும் இளைப்பும் வரும். இவளுக்கு ஆஸ்துமா இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், வேர்க்கடலையால் மூச்சுத் திணறும்போதும் "வழக்கமான இளைப்புதான்" என்று நினைத்து இன்ஹேலரைக் கொடுத்துக் காத்திருக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் காத்திருப்பில்தான் உயிருக்கு ஆபத்து வருகிறது. ஆகவே எந்த நிலையில் எந்த மருந்து முதலில் என்பதையே இக்கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

பையில் உள்ள மூன்று மருந்துகள்

முதலாவது, சால்பியூட்டமால் இன்ஹேலரும் அதனுடன் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும். சுருங்கிய மூச்சுக் குழல்களைச் சில நிமிடங்களில் விரிய வைக்கும் மருந்து இது. ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் மருந்து வரும். அவள் காலையிலும் இரவிலும் வீட்டில் இழுக்கும் இன்ஹேலர் வேறு. அது தினமும் எடுத்தால்தான் பலன் தரும் தடுப்பு மருந்து, இளைப்பு வந்த பிறகு உடனடியாக உதவாது. பெட்டியின் நிறத்தை நம்பாமல், சால்பியூட்டமால் என்ற பெயரைப் படித்துப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது, செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மருந்து. தோல் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். தொண்டை வீக்கத்தையோ மூச்சுத் திணறலையோ இது நிறுத்தாது.

மூன்றாவது, தானாக ஊசி செலுத்தும் அட்ரினலின் பேனாக்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 0.3 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை. குழந்தையின் உறவினர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ஊசி போதாமல் போனால் இரண்டாவது தேவைப்படும் என்பதால், ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துப் பிரிக்கக் கூடாது.

ஆஸ்துமா மட்டும் வரும்போது

சளி பிடித்த வாரத்தில், பனிமூட்டமான காலையில் ஓடி விளையாடிய பிறகு, அல்லது விறகுப் புகை பட்ட பிறகு அவளுக்கு இளைப்பு வரும். இது பெரும்பாலும் மெதுவாகக் கூடும்: முதலில் வறட்டு இருமல், பிறகு நெஞ்சு இறுக்கம், பிறகு மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற ஒலி. அரை மணி நேரத்துக்கும் மேலாக அவள் எதையும் சாப்பிடவில்லை, தோலிலும் உதட்டிலும் மாற்றமில்லை என்றால் இன்ஹேலரில் தொடங்குங்கள்.

அவளை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். இன்ஹேலரின் மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் பொருத்துங்கள். அவள் மூச்சை வெளியே விட்டபின் ஸ்பேசரின் வாய்ப்பகுதியைப் பற்களுக்கிடையே வைத்து, இடைவெளி இல்லாமல் உதடுகளை மூடிக்கொள்ளட்டும். இப்போது ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். அவள் ஸ்பேசரிலேயே நான்கு முறை நிதானமாக மூச்சை இழுத்து விட வேண்டும். மீண்டும் குலுக்கி, அடுத்ததை அழுத்துங்கள். இப்படி ஒவ்வொன்றாக மொத்தம் நான்கு. அவசரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடும்.

நான்கு நிமிடம் காத்திருங்கள். குறையவில்லை என்றால் அதே முறையில் இன்னும் நான்கு. அதன் பிறகும் குறையவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு நான்கு என்று தொடர்ந்து கொடுங்கள். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம், அது தானாகத் தணியும்.

சில அடையாளங்களைக் கண்டால் இரண்டாம் சுற்று வரை காத்திராமல் முதலிலேயே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குவது, ஒவ்வொரு மூச்சிலும் கழுத்துக் குழியிலும் விலா எலும்புகளுக்கு அடியிலும் தோல் உள்ளே இழுபடுவது, உதடு நீலமாவது, சோர்ந்து தலை சாய்வது. விசில் ஒலி நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். குழந்தை திணறிக்கொண்டிருக்கும்போதே ஒலி மட்டும் அடங்கினால், ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்று பொருள்.

குணமான பிறகு வகுப்பில் இருக்கலாம்; அன்று ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம். பெற்றோருக்குத் தெரிவியுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடியும் இன்ஹேலர் தேவைப்பட்டால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் மலையில் நெஞ்சு அடைத்தால் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். பள்ளியிலும் யாராவது அக்கறையோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவார்கள். தைலம் மூச்சுக் குழலை விரிக்காது. ஆஸ்துமா உள்ள சில குழந்தைகளுக்கு அதன் நெடியே இருமலைக் கூட்டும். இவளுக்கு அதைத் தேய்க்கவோ, ஆவியில் கலந்து பிடிக்கவோ வேண்டாம்.

ஒவ்வாமை: செட்டிரிசின் போதுமான நிலையும் போதாத நிலையும்

உதட்டைச் சுற்றி அரிப்பு, கை கால்களில் கொசு கடித்தது போன்ற தடிப்பு, கண் சிவப்பு, முகம் லேசாக வீங்குவது ஆகியவை மட்டும் இருந்து, அவள் வழக்கம்போல் பேசி, மூச்சு விட்டு, தெம்பாக இருந்தால் செட்டிரிசின் சிரப் ஐந்து மில்லி கொடுங்கள். கொடுத்துவிட்டு வகுப்பின் மூலையில் தனியே உட்கார வைக்காதீர்கள். உங்கள் பார்வையிலேயே, அட்ரினலின் பையை அருகில் வைத்துக்கொண்டு கவனியுங்கள். அம்மாவை அழைத்து வரச் சொல்லுங்கள். லேசாகத் தொடங்கும் ஒவ்வாமை அப்படியே அடங்கலாம், அடுத்த சில நிமிடங்களில் கடுமையாகவும் ஆகலாம். எந்தப் பக்கம் போகும் என்று எங்களாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் அட்ரினலின் போட வேண்டும். தொடர்ந்து வரும் இருமல், குரல் கரகரப்பு, விழுங்க முடியாமை, நாக்கு வீக்கம் ஆகியவை தொண்டையைச் சேர்ந்தவை. இளைப்பும் திணறலும் நெஞ்சைச் சேர்ந்தவை. திடீரென்று முகம் வெளுத்துத் துவண்டு போவது, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை இரத்த ஓட்டத்தைச் சேர்ந்தவை.

தோலில் தடிப்பு வந்தே தீரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடுமையான ஒவ்வாமை வந்தவர்களில் பத்தில் ஒருவர் அல்லது இருவருக்குத் தோலில் எதுவுமே தெரிவதில்லை. ஆகவே இவளுக்கு நான் வகுத்திருக்கும் விதி இது: ஏதேனும் சாப்பிட்ட பிறகு திடீரென்று மூச்சுத் தொந்தரவு வந்தால், தோல் சுத்தமாக இருந்தாலும், முதலில் அட்ரினலின், அதன் பிறகே இன்ஹேலர். ஆஸ்துமாவா ஒவ்வாமையா என்று பிரித்தறிய முடியாமல் தயங்கும்போதும் இதே விதிதான். தேவையில்லாத நேரத்தில் அட்ரினலின் போட்டுவிட்டால் குழந்தைக்குப் படபடப்பும் நடுக்கமும் சிறிது நேரம் இருக்கும், முகம் வெளுக்கும், பிறகு சரியாகும். தேவையான நேரத்தில் போடாமல் விட்டால் அதைப் பிறகு ஈடுகட்ட வழியில்லை. இன்ஹேலர் மூச்சுக் குழலை மட்டும் விரிக்கும். தொண்டை வீக்கத்தையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் அது தொடுவதில்லை. இவை மூன்றையும் ஒருசேரச் சரிசெய்வது அட்ரினலின் மட்டுமே.

பேனா ஊசியைப் போடும் முறை

ஊசி போடும் இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. அங்குள்ள தசையிலிருந்து மருந்து விரைவாக இரத்தத்தில் சேரும். கையிலோ இடுப்பிலோ போடக் கூடாது. துணிக்கு மேலேயே போடலாம். சீருடையைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் குளிர்காலத்தில் அவள் பாவாடைக்கு உள்ளே கம்பளிக் காலுறை அணிந்து வருவாள், மேலே ஸ்வெட்டரும் தொடைவரை தொங்கும். ஸ்வெட்டரையும் பாவாடையையும் ஒதுக்கிவிட்டு, காலுறையாகிய ஒரே ஒரு அடுக்குத் துணி வழியாகப் போடுங்கள். தையல் மடிப்பும் பையும் உள்ள இடத்தைத் தவிருங்கள்.

அவளைப் படுக்க வைத்து, இன்னொருவர் காலை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். பேனாவை முஷ்டியில் பிடியுங்கள். கட்டை விரலை எந்த முனையின் மீதும் வைக்காதீர்கள். நீல மூடியை மேல்நோக்கி இழுத்து எடுங்கள். ஆரஞ்சு நிற முனையைத் தொடைக்கு நேர்க்குத்தாக வைத்து, 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி, மூன்று வரை எண்ணும்வரை அப்படியே பிடித்திருங்கள். எடுத்ததும் ஆரஞ்சு முனை நீண்டு ஊசியை மூடியிருக்கும். அப்படி இருந்தால் மருந்து சென்றுவிட்டது. பேனாவுக்குள் இன்னும் திரவம் மிச்சம் தெரியும், அது இயல்பு. பதற்றத்தில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துத் தம் கட்டை விரலிலேயே ஊசியைச் செலுத்திக்கொள்வது பலருக்கு நேர்வதால், மருந்தில்லாத பயிற்சிப் பேனாவைப் பையில் வைத்திருக்கிறேன். நீங்களும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் அதை எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட நேரத்தை உங்கள் கையிலோ தாளிலோ எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லை என்றால், அல்லது சற்றுத் தேறி மீண்டும் மோசமானால், மறு தொடையில் இரண்டாவது பேனாவைப் போடுங்கள்.

இதற்குப் பிறகு குழந்தையை நிற்க வைக்கக் கூடாது என்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். கால்களை ஒரு பையின் மேல் உயர்த்தி மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் கால்களை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்காரலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். கழிவறைக்குப் போக வேண்டும் என்று அவள் எழுந்தாலும் விடாதீர்கள். இந்நிலையில் இரத்தம் கால்களில் தேங்கியிருக்கும். திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அந்தக் கணமே இதயம் நின்றுபோகக்கூடும். உங்கள் பள்ளி சாலைக்குக் கீழே, படிகள் இறங்கும் சரிவில் இருப்பது எனக்குத் தெரியும். யாராவது பெரியவர் பாசத்தோடு அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியேற முனைவார், அதைத் தடுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு கீழே வரட்டும். அது இயலாவிட்டால் ஒரு கெட்டியான கம்பளியின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்து, படுத்த நிலையிலேயே ஏற்றுங்கள்.

ஒரு பிறந்தநாள் காலையை எடுத்துக்கொள்வோம்

வகுப்பில் ஒரு மாணவனின் பிறந்தநாள். பதினொரு மணி இடைவேளையில் ஊட்டிச் சாக்லேட் கொடுக்கிறான். மேலே எதுவும் தெரியாத சாக்லேட்தான், உள்ளே பொடித்த வேர்க்கடலை இருக்கிறது. 11.05-க்கு இவள் பாதியைக் கடிக்கிறாள்.

இவளிடம் முதலில் தோன்றும் அடையாளத்தை அவளுடைய அம்மா எனக்குத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்: நாக்கை மேலண்ணத்தில் வைத்து மீண்டும் மீண்டும் உரசுவாள், சுண்டு விரலைக் காதுக்குள் விட்டுக் குடைவாள், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பாள். 11.08-க்கு இதைப் பார்க்கிறீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பச் சொல்கிறீர்கள், பையை எடுத்து வரச் செய்கிறீர்கள், செட்டிரிசின் கொடுக்கிறீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலவில்லை, அது சரி.

11.13-க்கு இருமத் தொடங்குகிறாள். தோலில் ஒரு தடிப்பும் இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர், "காலையில் பனியில் நடந்து வந்தாளே, இளைப்பாகத்தான் இருக்கும், இன்ஹேலரைக் கொடுங்கள்" என்கிறார். நேற்று வரை அவர் சொல்வது சரியாக இருந்திருக்கலாம். இன்று எட்டு நிமிடத்துக்கு முன் அவள் ஒரு இனிப்பைத் தின்றிருக்கிறாள், குரலும் கரகரக்கிறது. ஆகவே 11.14-க்கு முதல் பேனா. நீங்கள் போடும்போதே பக்கத்து வகுப்பு ஆசிரியர் 108-ஐ அழைக்கிறார். "அனாபிலாக்சிஸ், கடுமையான ஒவ்வாமை, குழந்தை, ஆஸ்துமாவும் உண்டு, அட்ரினலின் போட்டுவிட்டோம்" என்று சொல்லி, பள்ளிக்கு முந்தைய பேருந்து நிறுத்தத்தின் பெயரையும் சொல்கிறார். ஒரு பெரிய மாணவர் மேலே சாலையில் நின்று வண்டிக்கு வழி காட்டப் போகிறார்.

11.16-க்கு, அட்ரினலினுக்குப் பிறகும் இளைப்பு கேட்பதால், அவளைச் சாய்த்து உட்கார வைத்து ஸ்பேசர் வழியாக நான்கு முறை சால்பியூட்டமால் கொடுக்கிறீர்கள். 11.19-க்குக் கவனமாகப் பார்க்கிறீர்கள். இருமல் குறைந்து முகத்தில் நிறம் திரும்பியிருந்தால் அப்படியே வைத்துக் காத்திருக்கலாம். உதடு வெளுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் இரண்டாவது பேனா. மூச்சே நின்றுவிட்டால் செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் தொடங்க வேண்டும். 108-இல் பேசுபவர் தொலைபேசியிலேயே வழி சொல்வார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் முழுவதும் தேறி, "எனக்கு ஒன்றுமில்லை மிஸ்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அட்ரினலினின் வேலை சிறிது நேரமே நீடிக்கும். அது அடங்கிய பிறகு ஒவ்வாமை மீண்டும் எழலாம், சில மணி நேரம் கழித்தும் எழலாம். பயன்படுத்திய பேனாவையும், பயன்படுத்தாத பேனா இருந்தால் அதையும், நேரங்கள் எழுதிய தாளையும் உடன் அனுப்புங்கள். மலைப்பாதையில் வண்டி வரத் தாமதமாகும் என்று 108-இல் சொன்னால், கிடைக்கும் ஜீப்பின் பின்னிருக்கையில் படுக்க வைத்து, இரண்டாவது பேனாவுடன் ஒரு ஆசிரியர் கூடவே ஏறிச் செல்லட்டும்.

உணவு

இவள் தவிர்க்க வேண்டியது வேர்க்கடலை மட்டுமே. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, பட்டாணி ஆகியவற்றை வீட்டில் தடையின்றிச் சாப்பிடுகிறாள். ஆகவே சுண்டலை நிறுத்த வேண்டியதில்லை. கடலை மிட்டாயும் மிக்சரும் தெரிந்த ஆபத்துகள். தெரியாமல் வருபவை எலுமிச்சை சாதம், புளியோதரைத் தாளிப்பு, பொட்டுக்கடலையோடு வேர்க்கடலையும் சேர்த்து அரைத்த சட்னி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், கடையில் அவிழ்த்து விற்கும் சாக்லேட். அவள் தன் டப்பாவிலிருந்து மட்டுமே சாப்பிடுவது எளிய ஏற்பாடு. பிறந்தநாள்களுக்காக அம்மா தனியே ஒரு இனிப்பு டப்பா தந்திருக்கிறார். பிள்ளைகள் பகிரும்போது அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள், அவள் ஒதுக்கப்பட்டதாக உணர மாட்டாள்.

மருந்துப் பையை வைக்கும் இடம்

தலைமையாசிரியர் அறையின் பூட்டிய பீரோ இதற்கு ஏற்ற இடமல்ல. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கும் நாளில்கூடப் பை கைக்கு எட்ட வேண்டும். வகுப்பறையில், குழந்தைகள் எடுக்க முடியாத உயரத்தில், பூட்டில்லாத அலமாரியில் வையுங்கள். அவள் மைதானத்துக்குப் போனாலும், சுற்றுலாப் பேருந்தில் ஏறினாலும் பையும் உடன் செல்லட்டும். பேருந்தின் முன்கண்ணாடி அருகே வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம்.

குளிரும் மருந்தைப் பாதிக்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஜன்னலோரம் கிடந்த இன்ஹேலரில் வாயு அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு அழுத்தலிலும் வரும் மருந்தும் குறையும். தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேற்றிக் குலுக்குங்கள். அடுப்பிலோ வெந்நீரிலோ காட்டக் கூடாது. பேனாக்களை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பமே போதும். உறைந்துபோன பேனாவை மாற்ற வேண்டும்.

மாதம் ஒரு முறை மூன்றைப் பாருங்கள். பேனாவின் சிறு ஜன்னல் வழியாகத் தெரியும் திரவம் நிறமற்றுத் தெளிவாக இருக்க வேண்டும்; பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். காலாவதித் தேதியையும் இன்ஹேலரின் எண்ணிக்கைக் கட்டத்தையும் பாருங்கள். இன்ஹேலர் பல நாள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் இரண்டு முறை காற்றில் அழுத்திவிட்டு உபயோகியுங்கள். ஸ்பேசரை இளஞ்சூடான சோப்பு நீரில் அலசி அப்படியே காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை ஈர்த்துக்கொள்ளும்.

பையின் முன் உறையில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. எந்த மருந்து கொடுத்தாலும் தேதி, நேரம், அளவு, அதற்கு முன் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் அல்லது சாப்பிட்டாள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் சால்பியூட்டமால் தேவைப்பட்டால், வீட்டு மருந்தை நான் மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம். அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் அந்த நோட்டுடன் அவளை அனுப்பச் சொல்லி அம்மாவிடம் தெரிவியுங்கள். அவளுடைய எடை கூடும்போது அளவுகளைத் திருத்தி, புதிய மருந்துச் சீட்டை அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் அனுப்பிவைக்கிறேன். அது வந்ததும் இந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
குழந்தைநல மருத்துவர்